கணினியில் 486, ரேக்கில் 413: ஸ்டாக் வித்தியாசத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

சரக்கை எண்ணி முடித்து, கணினிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஏதாவது ஒரு வரி உதைக்கும். கணினி 486 என்கிறது, ரேக்கில் இருப்பது 413. வேலைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் நேரே அட்ஜஸ்ட்மென்ட் திரையைத் திறந்து, 73-ஐக் கழித்து, கணினியையும் 413 ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை, பட்டியலும் பார்க்கச் சுத்தமாகிவிடும். ஆனால் அடுத்த வாரமே அதே வரி மறுபடி உதைக்கும், அதுவும் வேறொரு எண்ணில். ஏனென்றால் அந்த 73 ஒரே காரணத்தால் வந்த 73 அல்ல. ஐந்தாறு காரணங்கள், சில கூட்டியும் சில கழித்தும், கடைசியில் 73 என்று வந்து நிற்கின்றன.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு உருப்படியை எடுத்துக்கொண்டு அந்த 73-ஐப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். உருப்படி 9 வாட் எல்.ஈ.டி. பல்பு, வெள்ளை ஒளி. கோடு `BLB-09-C`. பெட்டிக்கு 20 பல்பு. ஒரு மாதக் கடைசி நாள் மாலை 6 மணிக்கு எண்ணினார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு எண்ணியபோது கணினியும் ரேக்கும் 350-இல் ஒத்துப்போயிருந்தன. இந்த 350-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே நிமிடத்தின் இரண்டு எண்கள்

முதலில் பார்க்க வேண்டியது, ஒப்பிடுகிற இரண்டு எண்களும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவையா என்பது. மாலை 6 மணிக்கு எண்ணிவிட்டு, மறுநாள் காலை 10 மணிக்கு எடுத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால், இடையில் பதிவான ஒவ்வொரு பில்லும் வித்தியாசமாகத் தெரியும். இல்லாத குறையைத் தேடி அரை நாள் போய்விடும்.

அதனால் எண்ணத் தொடங்கும் முன் சரக்கு நடமாட்டத்தை நிறுத்துங்கள். அதே நேரத்தில் கணினி இருப்பு ரிப்போர்ட்டை எடுத்து, தேதியும் நேரமும் தெரியும்படி சேமித்து வையுங்கள். நாள் முழுக்க வேலை நடக்கும் குடோனில் நிறுத்துவது கடினம். அங்கே எண்ணும் ரேக்கை மட்டுமாவது ஒரு மணி நேரம் மூடி வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் எண்ணிய நேரத்தைத் தாளில் எழுதுங்கள். பிறகு அந்த நேரம் வரைக்குமான இருப்பைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கொள்ளலாம்:

```
எண்ணிய நேரத்து இருப்பு = இப்போதைய கணினி இருப்பு
                        - அதற்குப் பின் பதிவான வரவு
                        + அதற்குப் பின் பதிவான வெளியேற்றம்
```

இது சரியாக வர வேண்டுமானால், பதிவு செய்த நேரம்தான் சரக்கு நகர்ந்த நேரமாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

மறுபடி எண்ணுங்கள், வேறொருவரை வைத்து

காகிதங்களைப் புரட்டும் முன் ரேக்கை இரண்டாம் முறை எண்ண வேண்டும். முதலில் எண்ணியவரே திரும்ப எண்ணினால் அதே தவறைத் திரும்பச் செய்வார். இரண்டாமவர் கையில் கொடுக்கும் தாளில் கணினி இருப்பும் இருக்கக் கூடாது, முதல் எண்ணிக்கையும் இருக்கக் கூடாது. எண் கண்ணில் பட்டுவிட்டால் கை அதை நோக்கியே எண்ணும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. 480 வந்ததும், ‘486 இருக்கணுமே’ என்று பின்னால் கையை விட்டுத் துழாவுவார்கள். 486 வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நம் பல்புக்கு முதல் எண்ணிக்கை 453. அதாவது குறை 33 மட்டுமே. இரண்டாமவர் எண்ணியபோது 413. குறை 73 ஆகிவிட்டது. இந்த இடத்தில் புதியவர்களுக்கு ஒரு சபலம் வரும்: கணினிக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணே சரியாக இருக்கும் என்று முதல் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு எண்ணிக்கை மோதினால், இருவரும் எப்படி எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். எண்ணும் தாளில் மொத்தத்தை மட்டும் எழுதாமல், பெட்டி எத்தனை, உதிரி எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

```
முதலாமவர்:   21 பெட்டி × 20 + உதிரி 33               = 453
இரண்டாமவர்:  16 பெட்டி × 20 + 5 பெட்டி × 12 + உதிரி 33 = 413
```

இரண்டாமவர் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்திருக்கிறார். ஐந்து பெட்டிகள் புது பேக்கிங், அவற்றில் 12 பல்புதான். முதலாமவர் எல்லாப் பெட்டியும் 20 என்றே பழகியவர். எனவே 413 சரி. கூடவே நமக்கு ஒரு துப்பும் கிடைத்துவிட்டது: எண்ணியவர் ஏமாந்த இடத்தில், சரக்கு வரவு பதிந்தவரும் ஏமாந்திருக்கலாம். எண்ணியவரும் கணினியும் ஒரே தவறைச் செய்திருந்தால், இரண்டு தவறும் ஒத்துப்போய் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 33 என்ற எண் அப்படித் தெரிந்த எண்தான்.

காகிதம் முந்தியதா, சரக்கு முந்தியதா?

இப்போது கட்-ஆஃப், அதாவது எண்ணிய நேரத்துக்கு முன் நடந்தது எது, பின் நடந்தது எது என்று பிரிக்கும் எல்லை. சரக்கு நகர்வதும் அது கணினியில் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. எண்ணும் நாளுக்கு முந்தைய இரண்டு நாள், பிந்தைய இரண்டு நாள் காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரி சலான், வாசல் பதிவேடு, சப்ளையரின் சலான், சரக்கு வரவுக் குறிப்பு, பில் எல்லாமே வேண்டும். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சரக்கு எண்ணிக்கைக்கு முன் நகர்ந்ததா, பின் நகர்ந்ததா? கணினிப் பதிவு எண்ணிக்கைக்கு முன் ஏறியதா, பின் ஏறியதா? இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அந்தக் காகிதத்தால் வித்தியாசம் இல்லை. மாறி இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

வாசல் பதிவேட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட புத்தகம் அதுதான். பில்லின் தேதியை யாரும் கணினியில் பின்னுக்கோ முன்னுக்கோ போட்டுவிடலாம். வண்டி வெளியே போன நேரத்தை வாசலில் இருப்பவர் அந்த நேரத்திலேயே எழுதுகிறார், அவருக்கு அதை மாற்றி எழுத எந்தக் காரணமும் இல்லை.

நம் உதாரணத்தில் இரண்டு காகிதங்கள் மாட்டின. மாலை 5 மணிக்கு 30 பல்பு சலானோடு வெளியே போயிருக்கிறது, பில் மறுநாள் காலையில்தான் போட்டார்கள். ரேக்கில் 30 இல்லை, கணினியில் இன்னும் இருக்கிறது. அதே நாள் மாலை 4.30-க்கு இரண்டு பெட்டி, அதாவது 40 பல்பு, உள்ளே வந்து நேரே ரேக்கில் ஏறிவிட்டது. வரவுப் பதிவு மறுநாள்தான். ரேக்கில் 40 இருக்கிறது, கணினியில் இன்னும் வரவில்லை.

```
கணினி இருப்பு                    486
போய்விட்டது, பதிவாகவில்லை       - 30
வந்துவிட்டது, பதிவாகவில்லை      + 40
இருக்க வேண்டியது                 496
எண்ணியது                         413
குறை                              83
```

குறை 73-இலிருந்து 83 ஆகிவிட்டதே என்று பதறத் தேவையில்லை. நம் வேலை வித்தியாசத்தைக் குறைப்பது இல்லை, விளக்குவது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் வித்தியாசம் பெருகினால், அது இதுவரை இன்னொரு காரணத்தை மறைத்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

முதலிலேயே 73-ஐக் கழித்து அட்ஜஸ்ட்மென்ட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கணினி 413 ஆகியிருக்கும். மறுநாள் காலை அந்த 30-க்கான பில் ஏறும், கணினி 383. பிறகு அந்த 40-க்கான வரவு ஏறும், கணினி 423. ரேக்கிலோ 413 பல்பு அசையாமல் இருக்கும். யாரும் எதையும் தொடாமலே புதிதாக 10 குறை முளைத்துவிட்டது. கட்-ஆஃப் காரணமான வித்தியாசத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் போடவே கூடாது என்பது இதனால்தான். காத்திருக்கும் காகிதத்தை அதற்குரிய தேதியில் பதிந்தாலே போதும், அது தானாகவே சரியாகிவிடும்.

எண்ணையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள்

லெட்ஜருக்குள் இறங்கும் முன், வித்தியாசமான எண்ணோடு ஐந்து நிமிடம் செலவிடுவது வீண் போகாது. வித்தியாசத்துக்கு ஒரே காரணம் இருந்தால், அந்த எண்ணே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

வித்தியாசம் ஏதாவது ஒரு சலானின் அளவுக்குச் சரியாக இருந்தால், அந்தச் சலான் விடுபட்டிருக்கலாம் அல்லது இரண்டு முறை ஏறியிருக்கலாம். ஒரு சலானின் அளவைப் போல இரண்டு மடங்காக இருந்தால், திசை மாறிப் பதிந்திருக்கலாம். உதாரணமாகத் திரும்பி வந்த 15-ஐ வெளியே போனதாகப் பதிந்தால் வித்தியாசம் 30 ஆகும். எண் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: 63-ஐ 36 என்று அடித்தால் வித்தியாசம் 27.

இவற்றை விட எனக்குப் பிடித்தது பெட்டி அளவை வைத்துப் பார்ப்பது. பெட்டிக்கு 20 என்றால், வித்தியாசம் 20, 40, 60 என்று வந்தால் முழுப் பெட்டி எங்கோ போயிருக்கிறது. 19, 38, 57 என்று வந்தால் விஷயம் வேறு: பெட்டி என்று பதிய வேண்டியதை யாரோ பல்பு என்று பதிந்திருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குப் பதில் 1 என்று ஏறினால் விடுபடுவது 19 அல்லவா? 

நம் 73 இவற்றில் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. 83-உம் அப்படித்தான். அப்படியானால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் உள்ளே இருக்கிறது. வரி வரியாகப் போக வேண்டியதுதான்.

கடைசியாக ஒத்துப்போன நாளிலிருந்து லெட்ஜர்

எங்கிருந்து தொடங்குவது? இருப்பும் கணினியும் கடைசியாக ஒத்துப்போன நாளிலிருந்து. அதற்கு முன்பு எந்தத் தவறு நடந்திருந்தாலும் அது அந்த நாளோடு தீர்ந்துவிட்டது. நம் பல்புக்கு அது இரண்டு மாதம் முந்தைய 350. அன்றிலிருந்து இந்த உருப்படியின் லெட்ஜரை எடுத்தால் 58 வரிகள்: 9 வரவு, 49 வெளியேற்றம்.

வரவுகளை முதலில் பாருங்கள். அவை குறைவு, அளவில் பெரியவை, ஒன்று தவறினாலும் பெரிய வித்தியாசம் வரும். ஒவ்வொரு வரவு வரிக்கும் சப்ளையரின் சலானை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நம் ஆள் பதிந்த வரவுக் குறிப்போடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாமே சரியாக இருப்பது போலத்தான் தெரியும். கணினியில் ஏறியது அந்தக் குறிப்பிலிருந்துதானே.

ஏழாவது வரவில் அகப்பட்டது. சப்ளையர் சலானில் ‘5 பெட்டி, பெட்டிக்கு 12’ என்று இருக்கிறது. கணினியில் 5 பெட்டி என்று அடித்திருக்கிறார்கள், கணினி தன்னிடம் உள்ள மாற்று அளவின்படி அதை 100 பல்பு ஆக்கிவிட்டது. வந்தது 60. கணினியில் 40 அதிகம். ரேக்கில் இரண்டாமவர் பார்த்த அதே ஐந்து பெட்டிகள்தான் இவை.

```
இருக்க வேண்டியது    496 - 40 = 456
எண்ணியது                       413
குறை                            43
```

கட்-ஆஃபில் கூட்டிய 40-உம் இங்கே கழித்த 40-உம் ஒன்றை ஒன்று முழுக்க மறைத்திருந்ததைக் கவனியுங்கள். 73 என்ற நிகர எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டுமே கண்ணில் பட்டிருக்காது.

பக்கத்து உருப்படியில் மிச்சம் இருக்கிறதா?

வெளியேற்றத்தின் 49 வரிகளையும் சலானோடு ஒப்பிடும் முன் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு உருப்படியில் குறை இருந்தால், அதன் அக்கம்பக்கத்து உருப்படியில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கம் இரண்டு வகை. ரேக்கில் பக்கத்தில் இருப்பவை, எடுப்பவர் கை மாறி எடுத்திருப்பார். கணினிப் பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருப்பவை, பில் போடுபவர் மாற்றித் தேர்ந்தெடுத்திருப்பார். இரண்டு பட்டியலையும் பார்க்க வேண்டும்.

நம் `BLB-09-C`-க்கு அடுத்த வரி `BLB-09-W`, மஞ்சள் ஒளி. அதில் கணினி 210, எண்ணியது 234. மிச்சம் 24.

ஒன்றில் குறை, இன்னொன்றில் மிச்சம் என்று பார்த்ததும் இரண்டையும் நேர் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எண் பொருந்துவது துப்பு மட்டுமே, ஆதாரத்துக்குக் காகிதம் வேண்டும். மஞ்சள் ஒளிப் பல்பின் லெட்ஜரில் 24 என்ற அளவுள்ள வெளியேற்றத்தைத் தேடினால் ஒரு பில் கிடைத்தது. அதன் ஆர்டரை எடுத்துப் பார்த்தால், வாடிக்கையாளர் கேட்டது வெள்ளை ஒளி. குடோனில் எடுத்துக் கொடுத்ததும் வெள்ளை ஒளி என்று எடுத்தவரின் தாளில் இருக்கிறது. பில்லில் மட்டும் மஞ்சள். ஆக, பில் போட்ட இடத்தில் கோடு மாறியிருக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், திருத்தும் முறை அதைப் பொறுத்து மாறுகிறது. ஆர்டரும் பில்லும் மஞ்சளாக இருந்து, போன சரக்கு மட்டும் வெள்ளையாக இருந்திருந்தால், வாடிக்கையாளர் கையில் தவறான சரக்கு இருக்கிறது, அவரிடம் பேச வேண்டும். இங்கே அவருக்குச் சரியான சரக்கே போயிருக்கிறது, பில்லை மாற்றினால் போதும்.

குறை இப்போது 43 - 24 = 19.

19 என்ற பொய்த் துப்பு

19 என்றதும் எனக்கு உடனே தோன்றியது உங்களுக்கும் தோன்றியிருக்கும்: பெட்டிக்குப் பதில் 1 என்று ஏறியிருக்கிறது! ஆனால் திசையைப் பாருங்கள். வரவில் அப்படி நடந்திருந்தால் கணினியில் குறைவாகவும் ரேக்கில் அதிகமாகவும் இருக்கும். நமக்கு ரேக்கில்தான் குறைவு. அப்படியானால் வெளியேற்றத்தில், ஒரு பெட்டி போய் 1 என்று ஏறியிருக்க வேண்டும். 49 வரிகளில் அளவு 1 என்று இருப்பவற்றை மட்டும் வடிகட்டினேன். இரண்டு வரிகள். இரண்டின் சலானிலும் ஒரு பல்புதான். எண்ணிய இடத்தில் ஒரு பெட்டியை 1 என்று எழுதியிருந்தாலும் இதே 19 வரும். ஆனால் இரண்டாம் எண்ணிக்கையின் தாளில் பெட்டியும் உதிரியும் பிரித்து எழுதியிருக்கிறது, அங்கேயும் தவறில்லை.

ஆக, அது தற்செயல். துப்பு பொய்யானால் அதை விட்டுவிடத் தெரிய வேண்டும். அது அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகவே ஒரு காரணத்தை எழுதி வைத்துவிட்டால், உண்மையான காரணம் அப்படியே தங்கிவிடும்.

பிறகு காகிதத்தை விட்டுவிட்டுக் குடோனைச் சுற்றி வந்தோம். ரேக்கில் இல்லாத பல்பு வேறு எங்கே இருக்க முடியும்? டேமேஜ் மூலை, ரிட்டர்ன் வந்து பிரிக்காமல் கிடக்கும் அட்டைப்பெட்டி, பேக்கிங் மேசை, சோதித்துப் பார்க்கும் இடம், வண்டியிலிருந்து இறக்காத சரக்கு. இந்த இடங்களின் பட்டியலை எண்ணும் தாளிலேயே முன்கூட்டி எழுதி வைத்திருந்தால் இந்தச் சுற்று முன்பே முடிந்திருக்கும். டேமேஜ் மூலையில் உடைந்தவை 13 கிடந்தன. எண்ணியவர் சரியாகவே அவற்றை விட்டுவிட்டார், விற்க முடியாத சரக்கு அது. ஆனால் அவை உடைந்தன என்று யாரும் கணினியில் எழுதவில்லை.

```
கணினி இருப்பு                    486
பில் ஆகாத வெளியேற்றம்           - 30
பதிவாகாத வரவு                   + 40
பெட்டி அளவுத் தவறு              - 40
கோடு மாறிய பில்                 - 24
உடைந்தவை                        - 13
இருக்க வேண்டியது                 419
எண்ணியது                         413
விளக்கம் இல்லாத குறை               6
```

இந்தச் சின்னத் தாள்தான் நம் உழைப்பின் பலன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காகிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வருபவர் கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது.

ஒவ்வொரு காரணத்துக்கும் அதற்குரிய திருத்தம்

இப்போதுதான் கணினியைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அட்ஜஸ்ட்மென்ட்டாகப் போட்டாலும் அளவு சரியாகிவிடும். ஆனால் அளவு மட்டும்தான் சரியாகும்.

பில் ஆகாத 30-ஐயும் பதிவாகாத 40-ஐயும் அவை நகர்ந்த தேதியில் பதியுங்கள். அந்த மாதக் கணக்கு மூடிவிட்டது, பின்தேதியிட முடியாது என்றால் மறுநாள் தேதியிலேயே இருக்கட்டும், ஒப்பீட்டுத் தாளில் மட்டும் காட்டிக்கொள்ளுங்கள். பின்தேதியிடுவது, மறுநாள் தேதியில் விடுவது என்ற இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துச் செய்துவிடக் கூடாது.

பெட்டி அளவுத் தவறுக்கு, தவறான வரவுப் பதிவை ரத்து செய்துவிட்டு 60 பல்பு என்று புதிதாகப் பதிய வேண்டும். 40-ஐக் கழித்து அட்ஜஸ்ட்மென்ட் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஐந்து பெட்டிக்கான விலையைக் கணினி 100 பல்புக்குப் பிரித்து, ஒரு பல்பின் அடக்கவிலையைக் குறைத்து வைத்திருக்கிறது. உண்மையில் அந்த விலை 60 பல்புக்கு உரியது. அட்ஜஸ்ட்மென்ட்டில் அளவு இறங்கும், அந்தக் குறைந்த அடக்கவிலை அப்படியே நிற்கும், அடுத்து விற்கும் ஒவ்வொரு பல்பிலும் இல்லாத லாபம் தெரியும். அதே கையோடு சப்ளையரின் பில்லையும் பாருங்கள்: பெட்டிக் கணக்கில் 5 என்று இருந்தால் சரி, பல்புக் கணக்கில் 100 என்று இருந்தால் 40 பல்புக்கு நாம் அதிகம் கொடுக்கப் போகிறோம்.

திருத்திய கையோடு ‘பெட்டி-20’, ‘பெட்டி-12’ என்று இரண்டு தனி அளவுகளை அந்த உருப்படியில் உருவாக்கிவிடுங்கள். ‘பெட்டி’ என்ற ஒரே சொல் இருக்கும் வரை, அடுத்த முறை 12 பேக்கிங் வரும்போதும் 40 போல ஒரு எண் முளைக்கும்.

கோடு மாறிய பில்லுக்கு வாடிக்கையாளர் பெயரில் மஞ்சள் ஒளிக்குக் கிரெடிட் நோட்டும் வெள்ளை ஒளிக்குப் புது பில்லும் போட வேண்டும். விலை, வரி இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும், அவர் கையில் இருக்கும் பில்லில் வேறு சரக்கின் பெயர் இருக்கிறது. நாளை உத்தரவாதத்துக்கு வரும்போது பிரச்சினை ஆகும். மஞ்சள் ஒளியின் 24 மிச்சமும் இதோடு தீர்கிறது. அந்த வரியில் தனியாக அட்ஜஸ்ட்மென்ட் ஏதும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைந்த 13-ஐ டேமேஜ் இருப்புக்கு மாற்றுங்கள். சப்ளையர் மாற்றித் தருவாரா, கழித்துக் கட்டுவதா என்பது முடிவான பிறகு அங்கிருந்து வெளியேற்றலாம்.

மீதி 6

மிஞ்சிய 6-க்கு மட்டும்தான் அட்ஜஸ்ட்மென்ட். இந்த இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 1,100 பல்பு வெளியே போயிருக்கிறது. அதில் 6 என்பது நூற்றுக்கு அரைக்குச் சற்று மேல். எவ்வளவு வரை விட்டுவிடலாம் என்பதற்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது. சரக்கின் விலையையும், கைக்கு அடக்கமாக எடுத்துப் போகக்கூடியதா என்பதையும் பார்த்து ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணிய பிறகு எல்லை வைத்தால், வந்த குறையை உள்ளடக்கும்படிதான் வைப்போம்.

காரணக் கட்டத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். தெரியாததற்கு ‘உடைப்பு’ என்றோ ‘எண்ணிக்கைப் பிழை’ என்றோ பெயர் வைத்தால், நிஜமான உடைப்பின் கணக்கும் கெட்டுப்போகும். யாரோ எடுத்திருப்பார்கள் என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில் எழுவது இயல்பு. ஆனால் 73 என்ற எண்ணை வைத்துக்கொண்டு முதல் நாளே அப்படிப் பேசியிருந்தால், 67 பல்புக்கு யாரோ ஒருவர் மேல் வீண்பழி விழுந்திருக்கும். எண்ணியவரோ, பில் போட்டவரோ அல்லாமல் மூன்றாவதாக ஒருவர் ஒப்பீட்டுத் தாளைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அட்ஜஸ்ட்மென்ட் பதிவாக வேண்டும்.

பதியும்போது ஒரு இடத்தில் கவனம் தேவை. சில மென்பொருள்கள் வித்தியாசத்தைக் கேட்கும், சில எண்ணிய அளவையே கேட்கும். டேலியில் உள்ள `Physical Stock` வவுச்சரும், ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டில் உள்ள `Stock Reconciliation`-உம் இரண்டாம் வகை, நீங்கள் கொடுக்கும் எண்ணையே அந்தத் தேதியின் இருப்பாக வைத்துவிடும். எண்ணி மூன்று நாள் கழித்து, அன்றைய தேதியில் 413 என்று கொடுத்தால், இடையில் நடந்த மூன்று நாள் விற்பனை அழிந்தது போல ஆகிவிடும். எண்ணிய தேதியைக் கொடுத்து 413 போடுங்கள், அல்லது வித்தியாசம் கேட்கும் படிவத்தில் 6-ஐக் கழியுங்கள். எண்ணிய தேதியைக் கொடுப்பதானால் மேலே சொன்ன மற்ற திருத்தங்கள் எண்ணிய நேரத்துக்கு முந்தையவையாக ஏறி முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அவற்றையும் சேர்த்தே வித்தியாசமாக எடுத்துக்கொள்ளும், பிறகு அவை தனியாக ஏறும்போது இரட்டிப்பாகும். மாதம் மூடிவிட்டதால் பின்தேதியிட முடியாத இடங்களில் வித்தியாசம் கேட்கும் படிவமே பாதுகாப்பானது.

எல்லாம் பதிந்த பிறகு ஒரு வாரம் விட்டு, வெள்ளை ஒளி, மஞ்சள் ஒளி இரண்டையும் மட்டும் எண்ணுங்கள். இரண்டு வரிகள், அரை மணி நேரம் போதும். ஒத்துப்போனால் இந்தக் கோப்பை மூடலாம். மறுபடியும் இரண்டு மூன்று என்று சில்லறையாகக் குறைந்தால், சாம்பிளாகக் கொடுத்ததையும், பழுதான பல்புக்குப் பதில் கவுன்டரிலேயே மாற்றிக் கொடுத்ததையும் விசாரியுங்கள். இந்த இரண்டுக்கும் பெரும்பாலான இடங்களில் காகிதமே போடுவதில்லை. அந்த 6-உம் ஒருவேளை அந்த வழியில் போயிருக்கலாம்.